24 மாதமா, 12 மாதமா, மாதாமாதமா? டர்பனில் வீடு எடுக்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓவர்போர்ட்டில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் மாதம் 8,500 ரேண்ட், 12 மாதம் என்றால் 9,000, மாதாமாதம் என்றால் 9,500 என்கிறார் ஏஜென்ட். எதை எடுப்பது?

வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. நடுவில் கிளம்ப நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் எண்களையே வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

24 மாத ஒப்பந்தங்களில் இரண்டாம் ஆண்டுக்கான உயர்வை முதலிலேயே எழுதிவிடுவார்கள். அதை 8 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 1,02,000 ரேண்ட். இரண்டாம் ஆண்டு மாதம் 9,180 வீதம் 1,10,160. ஆக இரண்டு ஆண்டுக்கு 2,12,160.

12 மாதம் எடுத்தால் முதல் ஆண்டு 1,08,000. முடிந்த பிறகு 6 சதவிகிதம் ஏற்றி அங்கேயே இருக்கிறீர்கள் என்றால் மாதம் 9,540, அந்த ஆண்டுக்கு 1,14,480. மொத்தம் 2,22,480.

இரண்டு ஆண்டும் முழுதாக இருந்தால் நீண்ட ஒப்பந்தத்தில் மிச்சம் 10,320 ரேண்ட். முதல் ஆண்டில் மாதம் 500 என்று மிச்சமானது, இரண்டாம் ஆண்டில் 360 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஏஜென்ட் வாயில் வருவது அந்த 500 மட்டும்தான்.

இனி நடுவில் கிளம்புவதைப் பார்ப்போம். முன்கூட்டியே வெளியேறுவதற்கு 10,000 ரேண்ட் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்தில் போனால் 24 மாத ஒப்பந்தத்தில் மொத்தச் செலவு 61,000, 12 மாத ஒப்பந்தத்தில் 64,000, மாதாமாதத்தில் 57,000. ஆறே மாதம்தான் இருக்கப் போகிறீர்கள் என்பது முன்பே தெரிந்தால் மாதாமாதம்தான் மலிவு. பன்னிரண்டாம் மாதக் கடைசியில் போனால் வரிசையாக 1,12,000, 1,08,000, 1,14,000. இங்கே 12 மாதம் ஜெயிக்கிறது. பதினெட்டாம் மாதத்தில் போனால் நீண்ட ஒப்பந்தத்துக்கு 1,67,080, 12 மாதம் முடித்து அதன்பின் மாதாமாதமாக இருந்தவருக்கு 1,65,240. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆக, 12 மாதத்துடன் ஒப்பிட்டால் நீண்ட ஒப்பந்தத்தில் வரக்கூடிய லாபம் 10,320, நட்டம் அதிகபட்சம் 4,000. இப்படிப் பார்த்தால் 24 மாதம் பயமுறுத்தும் விஷயமே இல்லை. ஆனால் இந்தக் கணக்கு முழுக்க அந்த 10,000 ரேண்டில்தான் நிற்கிறது. அந்த எண் மாறினால் விடையும் மாறிவிடும். அதனால்தான் கீழே வாடகையைவிட வெளியேறும் செலவைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டு வருஷமும் நகர முடியாதா?

நகரலாம். ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத, ஏஜென்ட்டுகளும் தாமாகச் சொல்லாத விஷயம் இது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது பொருந்தும் ஒப்பந்தமாக இருந்தால், வாடகைக்கு இருப்பவர் எந்தக் காரணமும் சொல்லாமல் 20 வேலைநாள் எழுத்துமூல நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் "நடுவில் முடிக்க முடியாது" என்று எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது.

அதே சட்டத்தின் விதிகளின்படி நிலைத்த கால ஒப்பந்தம் பொதுவாக 24 மாதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வீட்டு ஒப்பந்தம் அரிதாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் வாடகை கட்டாதது போன்ற முக்கியமான மீறல் செய்து, அவர் 20 வேலைநாள் அவகாசம் கொடுத்தும் சரிசெய்யாமல் இருந்தால்தான் அவர் நடுவில் முடிக்க முடியும். அதாவது 24 மாத ஒப்பந்தம் அவரைத்தான் இறுக்கமாகக் கட்டுகிறது. உங்களைக் கொஞ்சம் தளர்வாகத்தான் கட்டுகிறது.

வேலைநாள் என்பதை மட்டும் கவனமாக எண்ணுங்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் சேராது. நோட்டீஸ் கொடுத்த நாளும் சேராது. 2025 அக்டோபர் 1 அன்று கொடுத்தால் அக்டோபர் 29-லேயே முடிந்துவிடும். அதையே டிசம்பர் 1 அன்று கொடுத்தால் 16, 25, 26, ஜனவரி 1 என நான்கு விடுமுறை நடுவில் வந்து, 2026 ஜனவரி 2 வரை இழுத்துவிடும். இரண்டு நாளுக்காக ஜனவரி வாடகை பற்றிய தகராறு வரும். ஏப்ரலிலும் ஈஸ்டர் விடுமுறையும் 27-ஆம் தேதியும் சேர்ந்து இப்படித்தான் செய்யும். டிசம்பர் கடைசியில் கிளம்ப வேண்டுமென்றால் நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் அபராதம் என்று எவ்வளவு கேட்பார்கள்?

சட்டத்தில் தொகை இல்லை. "நியாயமான" கட்டணம் என்று மட்டும் சொல்கிறது. எதையெல்லாம் வைத்து நியாயத்தைப் பார்க்க வேண்டும் என்பதை விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத்தில் எவ்வளவு காலம் மீதி, எத்தனை நாள் முன்னால் சொன்னீர்கள், வீட்டுக்காரர் முயற்சி எடுத்திருந்தால் அந்த நோட்டீஸ் காலத்துக்குள் வேறு ஆளைப் பிடித்திருக்க முடியுமா, இவைதான் முக்கியமானவை. கட்டணம் பெரிதாக இருந்து, வெளியேறும் உரிமையே பயனில்லாமல் போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது.

நடைமுறையில் இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். நீங்கள் காலி செய்த பிறகு புது ஆள் வரும்வரை வீடு சும்மா கிடந்த நாட்களின் வாடகை, விளம்பரச் செலவு, புது ஆளின் கடன் வரலாறு பார்த்த செலவு, ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே கொடுத்த கமிஷனில் மீதிக் காலத்துக்கான பங்கு. இவற்றை வீட்டுக்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதே ஃப்ளாட்டில் மறுவாரமே ஒரு குடும்பம் குடியேறியிருக்க, உங்களிடம் மூன்று மாத வாடகை கேட்டால் அதில் நியாயம் இல்லை.

இனி முதல் கேள்வியின் கணக்குக்குத் திரும்புவோம். ஓராண்டு முடியும்போது கிளம்ப நேரலாம், இல்லாவிட்டால் இரண்டு ஆண்டும் இருப்பீர்கள் என்று எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் செலவு 10,000 என்றால், ஓராண்டில் கிளம்பும் வாய்ப்பு நான்கில் மூன்றைத் தொடும்போதுதான் 24 மாதம் நட்டக் கணக்காகிறது. போகலாமா இருக்கலாமா என்று பாதிக்குப் பாதி யோசிப்பவர்கூட நீண்ட ஒப்பந்தத்தை எடுக்கலாம்.

ஒப்பந்தத்தில் மூன்று மாத வாடகை என்று எழுதி, சுமார் 27,000 ஆகிறது என்றால், நட்டம் 21,000 ஆகிறது. கிளம்பும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டினாலே 12 மாதம்தான் சரி.

மீதி மாதங்களின் வாடகை முழுவதும் உங்கள் தலையில் விழும் ஒப்பந்தம் என்றால் அந்த எண் பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டு வருடம் இங்கேயேதான் என்று எழுதிக் கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்தான் அதில் கையெழுத்துப் போடலாம்.

வாடகை மூன்றிலும் ஒன்றேதான். மாறியது ஒரே ஒரு வரி. அதனால் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் வாடகைப் பக்கத்துக்கு முன்னால் 'முன்கூட்டிய முடிவு' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள்.

நான் ஐ.டி. கம்பெனி மூலம் சென்னையிலிருந்து உம்லாங்காவுக்கு வந்திருக்கிறேன். வீட்டு ஒப்பந்தத்தைக் கம்பெனி பெயரிலேயே போடுகிறார்கள். அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

உண்டு. மேலே சொன்ன 14-ஆம் பிரிவு, இரண்டு பக்கமும் சட்டப்படியான நிறுவனமாக இருந்தால் பொருந்தாது. வீட்டுக்காரர் ஒரு கம்பெனியாகவோ டிரஸ்ட்டாகவோ இருந்து, வாடகைக்கு எடுப்பவரும் கம்பெனியாக இருந்தால், 20 வேலைநாள் வழி அடைபட்டுவிடும். முதலீட்டுக்காக வாங்கிய ஃப்ளாட்டுகளைக் கம்பெனி அல்லது டிரஸ்ட் பெயரில் வைத்திருப்பது இங்கே சகஜம். எனவே இது அபூர்வமாக நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

அந்த இழப்பு கம்பெனியுடையது என்றால் உங்களுக்கென்ன என்று தோன்றும். உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். ஊழியர் ராஜினாமா செய்தால் மீதி வாடகையைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று சில கம்பெனிகள் எழுதியிருக்கும். சில ஒப்பந்தங்களில் ஊழியரே தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று இருந்தாலும் நீண்ட காலத்தின் ஆபத்து உங்களுடையதுதான்.

வழி இருக்கிறது. ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் போட்டு, வாடகைப் படியைச் சம்பளத்தோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வரிக் கணக்கு மாறும் என்பதால் அதைக் கம்பெனியின் கணக்குப் பிரிவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அல்லது கம்பெனி பெயரிலேயே இருக்கட்டும், ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்காக வாடகையில் மாதம் 200 ரேண்ட் கூட்டினாலும் ஒத்துக்கொள்வேன், மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஒப்பந்தக் காலம் விசா முடியும் தேதியைத் தாண்டாமல் இருப்பதும் நல்லது. விசா இல்லாதவருக்கு வீடு கொடுப்பது குடிவரவுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கே பிரச்சினை என்பதால், பல ஏஜென்ட்டுகள் அவர்களாகவே பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்பார்கள். விசாவில் 14 மாதம் மீதி இருக்க, 24 மாத விலைக்கு ஆசைப்படுவதில் பொருளில்லை.

வீட்டுக்காரர் எதற்காக வாடகையைக் குறைக்கிறார்? இன்னும் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?

ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும், அதாவது 8 சதவிகிதத்துக்கு மேல். அந்த மாதமும் அடுக்குமாடிச் சங்கத்துக்கான கட்டணமும் வங்கித் தவணையும் நிற்காது. நீங்கள் இரண்டு ஆண்டு இருப்பதால் நடுவில் ஒரு காலி மாதம் தவிர்க்கப்படுகிறது என்றால், 9,000 ரேண்ட் வீட்டில் அது 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 375. பெயின்ட், விளம்பரம், ஏஜென்ட் கமிஷன் ஆகியவற்றையும் சேர்த்தால் 500-ஐ ஒட்டி வரும். ஆக, ஏஜென்ட் சொன்ன 500 ரேண்ட் தள்ளுபடி நியாயமான எண்தான். 1,000 குறையுங்கள் என்று கேட்டால் அவருக்கு நட்டம், ஒத்துக்கொள்ள மாட்டார்.

வாடகையில் இன்னும் இறங்க இடமில்லை என்றால் வேறொன்றைக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு உயர்வை 8-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தால் மாதம் 255 ரேண்ட் மிச்சம், ஆண்டுக்கு 3,060. 2025 நவம்பரில் இந்நாட்டுப் பணவீக்க இலக்கை 3 சதவிகிதமாகக் குறைத்துவிட்டார்கள். அப்படியிருக்க 8 சதவிகித நிலையான உயர்வு பழைய படிவத்தில் அப்படியே நகலெடுத்த பழக்கம். கேட்டால் இறங்கிவருபவர்கள் இருக்கிறார்கள், கேட்காவிட்டால் யாரும் தானாக இறங்குவதில்லை. மாதம் 500 குறைப்பவரிடம் வாடகைக்குப் பேரம் பேசும்போது கறாராக இருக்கும் நம் ஆட்கள், உயர்வு விகிதத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

12 மாத ஒப்பந்தம் முடிந்தால் உடனே காலி செய்ய வேண்டுமா, புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டுமா?

இரண்டும் வேண்டியதில்லை. நீங்கள் தொடர்ந்து இருந்து, வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கொண்டால், அது அதே நிபந்தனைகளோடு மாதாமாத ஒப்பந்தமாகிவிடும். 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. அதன்பின் இரு தரப்பும் ஒரு மாத எழுத்துமூல நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்.

நுகர்வோர் சட்டம் பொருந்தும் ஒப்பந்தங்களில், முடிவதற்கு 80 முதல் 40 வேலைநாள் முன்னால், அதாவது நான்கு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள், வீட்டுக்காரர் உங்களுக்கு எழுதி அறிவிக்க வேண்டும். தேதி முடிகிறது, புதுப்பித்தால் இன்ன வாடகை, இல்லாவிட்டால் மாதாமாதமாகப் போகும் என்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்: முதல் 12 மாதம் நடுத்தர வாடகை, அப்புறம் மாதாமாத சுதந்திரம். மாதாமாத விலையான 9,500-ஐ முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் புதுப்பிக்கும் தாளை நீட்டும்போது கையெழுத்துப் போடுவது கட்டாயம் என்பது போலப் பேசுவார். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அவருக்குக் கட்டணம் கிடைக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆனால் இதில் கத்தி இரு பக்கமும் வெட்டும். ஒரு மாத நோட்டீஸ் உரிமை வீட்டுக்காரருக்கும் வந்துவிடுகிறது. அவர் மகனுக்கு வீடு தேவை என்றோ விற்கப்போகிறேன் என்றோ சொல்லலாம், வாடகையை ஏற்றலாம். நோட்டீஸ் முடிந்தும் நீங்கள் போகாவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரால் வெளியேற்ற முடியாது என்பது உண்மைதான். அதை நம்பி உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்கு வேண்டிய நற்சான்று கெட்டுவிடும். பிள்ளைகள் மெட்ரிக் படிக்கும் ஆண்டிலோ, வீட்டில் வயதானவர் இருந்து ஏறி இறங்க முடியாத நிலையிலோ மாதாமாதத்தில் இருக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆன்ட்டி வீட்டு அவுட்பில்டிங்கில் இருக்கிறோம். தாளே கிடையாது, வாய்ப்பேச்சுதான். இதில் காலம் என்று ஒன்று இருக்கிறதா?

மாதம் மாதம் வாடகை கொடுத்தால் அது மாதாமாத ஒப்பந்தம். வாய்ப்பேச்சு என்பதால் செல்லாது என்றில்லை. எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டால் வீட்டுக்காரர் எழுதித்தர வேண்டும் என்று வாடகை வீட்டுச் சட்டம் சொல்கிறது.

கேட்பதா வேண்டாமா என்பது வேறு விஷயம். அவுட்பில்டிங் வாடகை பக்கத்து ஃப்ளாட்டைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணமே இந்தத் தளர்வுதான். ஆன்ட்டிக்கும் மகள் பிரசவத்துக்கு வந்தால் அறை வேண்டும். நீங்கள் ஓராண்டுக்கு உறுதி கேட்டால் அவர் வாடகையை ஏற்றக்கூடும். உங்களுக்கு ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ வேலை மாறும் வாய்ப்பு இருந்தால் இப்படியே இருப்பது உங்களுக்கும் வசதிதான். டெபாசிட் கொடுத்ததற்கு ரசீதும், காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் என்று ஒரு வாட்ஸாப் செய்தியும் மட்டும் வாங்கி வையுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வாடகை விடுவதைத் தொழிலாகச் செய்யாமல், வீட்டோடு ஒட்டிய ஒரே அறையை விடுபவருக்கு நுகர்வோர் சட்டம் பொருந்துமா என்பதில் வாதம் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட இடத்தில் 12 மாதத் தாளில் கையெழுத்துப் போடுவதானால் 20 வேலைநாள் உரிமை இருக்கும் என்று அனுமானிக்காதீர்கள். நோட்டீஸ் காலத்தை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எந்த மாதத்தில் ஒப்பந்தம் முடியுமாறு வைப்பது நல்லது?

காலத்தின் நீளத்தைப் பற்றி யோசிப்பவர்கள் அது போய் முடியும் தேதியைப் பார்ப்பதில்லை. ஜனவரி 1-இல் தொடங்கும் 12 மாதம் டிசம்பர் 31-இல் முடியும். அப்போது மார்கழி நடந்துகொண்டிருக்கும். மார்கழியில் வீடு மாற மாட்டோம் என்று அம்மாவும் மாமியாரும் ஒரே குரலில் சொல்வார்கள். டிசம்பர் நடுவிலிருந்து பல அலுவலகங்களும் பழுதுபார்ப்பவர்களும் விடுமுறையில் போய்விடுவதால், காலி செய்யும் நாளில் வீட்டைச் சேர்ந்து பார்த்து டெபாசிட்டை முடிக்கவும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

பள்ளி ஆண்டு ஜனவரி நடுவில் தொடங்குகிறது, தை பிறப்பதும் அப்போதுதான். எனவே இரண்டு தேதிகள் நமக்கு ஒத்துவரும். நவம்பர் 30-இல் முடிந்தால் கார்த்திகையிலேயே மாறிவிடலாம், பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வின் கடைசி நாட்கள் மட்டும் இடிக்கும். ஜனவரி 31-இல் முடிந்தால் தை பிறந்தபின் மாறலாம், ஆனால் பள்ளியை முன்பே உறுதிசெய்திருக்க வேண்டும்.

இதற்காக 12 என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. மார்ச்சில் வீடு எடுக்கிறீர்கள் என்றால் 9 மாதமோ 11 மாதமோ கேட்கலாம். வீட்டுக்காரருக்கும் தேதி முக்கியம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய க்ளென்வுட் பக்கம் ஜனவரியில் ஆள் எளிதாகக் கிடைக்கும், அதனால் ஜனவரிக் கடைசியில் முடிவதை அவரே விரும்பக்கூடும். இருவருக்கும் ஒத்துவரும் தேதியாக இருந்தால் 11 மாதத்துக்கு 12 மாத விலையே கிடைக்கும்.

நீண்ட ஒப்பந்தம் போட்ட பிறகு வீட்டை விற்றுவிட்டால்?

புது உரிமையாளர் உங்கள் ஒப்பந்தத்தோடுதான் வாங்குகிறார். குத்தகை விற்பனைக்கு முந்தியது என்பது இந்நாட்டில் டச்சுக்காரர் காலத்திலிருந்து வரும் விதி. அதே வாடகை, அதே முடிவுத் தேதி. மாதாமாதத்தில் இருப்பவருக்கும் இந்த விதி உண்டு, ஆனால் புது உரிமையாளர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

வீட்டின் வாசலில் விற்பனைப் பலகை தொங்கினாலோ, ஏஜென்ட் "இப்போதைக்கு மாதாமாதம் போதுமே" என்று தாமாகச் சொன்னாலோ, விற்கும் எண்ணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் நிறைய நாள் இருக்க நினைத்தால் 24 மாதம் கேளுங்கள். மறுத்தால் காரணம் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் "விற்றால் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வரி இருந்தால், நீண்ட காலத்துக்காக நீங்கள் எதிர்பார்த்த பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்கேற்ப வாடகையைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

முன்கூட்டிக் காலி செய்தோம். டெபாசிட் முழுவதையும் அபராதம் என்று எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்யலாம்?

முதலில் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில் புது ஆள் வந்தார், விளம்பரத்துக்கு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு. டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வட்டிக்கான வங்கி விவரத்தையும் நீங்கள் கேட்கலாம். பழுது எதுவும் இல்லை, பாக்கியும் இல்லை என்றால் காலி செய்த 7 நாளில் வட்டியோடு திரும்ப வேண்டும். பழுது கழித்துத் தருவதானால் 14 நாள். காலி செய்யும்போது நீங்கள் வீட்டைச் சேர்ந்து பார்க்க வராமல் போனால் அது 21 நாள் வரை போகும். ஆகவே அந்தச் சந்திப்புக்குக் கட்டாயம் போங்கள், படமெடுத்து வையுங்கள்.

பதில் வராவிட்டால் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் பலம் உண்டு. கொண்டுபோக வேண்டியவை: ஒப்பந்தம், நோட்டீஸ் அனுப்பிய மின்னஞ்சல் அல்லது செய்தி, வாடகை கட்டிய வங்கிப் பட்டியல், நீங்கள் போனபின் அந்த ஃப்ளாட் எப்போது விளம்பரத்துக்கு வந்தது என்பதன் ஸ்கிரீன்ஷாட். கடைசியானதுதான் பெரும்பாலும் வழக்கை முடிவு செய்கிறது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து அந்த முகவரியை வீடு தேடும் இணையதளங்களில் வாரம் ஒருமுறை தேடிப் பாருங்கள். நோட்டீஸ் கிடைத்தும் மூன்று வாரம் விளம்பரமே போடாமல் இருந்துவிட்டு வீடு காலியாகக் கிடந்தது என்று சொன்னால், அந்த மூன்று வாரத்தின் வாடகையை உங்களிடம் கேட்பது கஷ்டம்.